சீனியர் மெர்ச்சண்டைசர் வேலை: முந்தைய கம்பெனியிலிருந்து விலகிய காரணம்

கன்சல்டன்சியிலிருந்து வந்த மெயில்:

வணக்கம் கவிதா,

உங்கள் ரெஸ்யூமேயை கிளையண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஆறு வருடத்துக்கு மேல் இருந்த கம்பெனியில் 2025 செப்டம்பரோடு வேலை முடிந்ததாகப் போட்டிருக்கிறீர்கள், காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. அமெரிக்க வரி ஏறிய நேரம் என்பதால் ஆட்குறைப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படியே எழுதிவிடட்டுமா, இல்லை வேறு காரணமா? சுருக்கமாகச் சொன்னால் போதும்.

என் பதில்:

வணக்கம் மேடம்,

ஆட்குறைப்பு என்று எழுத வேண்டாம். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஜெர்மனிக்குப் போக வேண்டிய குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில், பையர் அப்ரூவ் செய்த ஷேடில் பல்க் துணி வரவில்லை. அந்த லாட்டுக்கு ஓகே சொன்னது நான். துணிக்கு மறுபடி சாயம் போட்டு ரீடை செய்ய வேண்டி வந்தது, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, செலவு கம்பெனி தலையில் விழுந்தது. விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் கொடுத்தார்கள், எழுத்தில் பதில் கொடுத்தேன், பத்து நாள் கழித்து டெர்மினேஷன் லெட்டர் வந்தது. பண விவகாரம், பொய் பில், யாரோடும் தகராறு என்று எதுவும் இதில் இல்லை.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா 50 சதவீதம் ஆக்கியதும் எங்கள் ஆபீஸிலேயே அமெரிக்க ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு வேலை போனது, அவர்கள் பட்டியலில் நானும் ஒருத்தி என்று எழுதினால் தேதியும் பொருந்தும், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆனால் நான் பார்த்ததெல்லாம் ஐரோப்பா ஆர்டர். திருப்பூரில் எந்த பையர் ஆர்டரை எந்த மெர்ச்சண்டைசர் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள ஒரு போன் போதும், அதுவும் டையிங் யூனிட்டுக்குப் போட்டால் விலாவாரியாகவே சொல்வார்கள். பின்னால் உங்களுக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர். ஃபார்மில் காலியாக விட்டதற்குக் காரணம், ஒற்றை வரியில் டெர்மினேட்டட் என்று மட்டும் போட்டால் பேசவே கூப்பிட மாட்டார்களோ என்ற தயக்கம்தான். நீங்கள் கேட்டதும் நல்லதாகப் போயிற்று.

கவிதா

கன்சல்டன்சியிலிருந்து:

நேராகச் சொன்னதற்கு நன்றி கவிதா. இதை நான் கிளையண்டிடம் மறைக்க முடியாது, ஆனால் எப்படிச் சொல்வது என்பது இருக்கிறது. அவர்கள் மெர்ச்சண்டைசிங் ஹெட் பழைய ஆள், ஷேடு மாறியது என்றால் உடனே யார் பார்த்தது, எந்த லைட்டில் பார்த்தது என்று கேட்பார். கொஞ்சம் விவரம் கொடுங்கள். டெர்மினேஷன் லெட்டரில் என்ன காரணம் இருக்கிறது? ரிலீவிங், செட்டில்மெண்ட் எல்லாம் முடிந்ததா? இதற்கு முன்னால் மெமோ ஏதாவது உண்டா?

என் பதில்:

மேடம்,

அவர் கேட்கும் கேள்வி சரியான கேள்விதான், எந்த லைட் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துணி 160 ஜிஎஸ்எம் காட்டன் சிங்கிள் ஜெர்சி, ஐந்து கலர். பிரச்சினை வந்தது சேஜ் க்ரீனில் மட்டும். சாயம் போட்ட மாதிரித் துண்டாக லேப் டிப் ஏ, பி, சி என்று மூன்று அனுப்பினோம், பையர் பி-யை அப்ரூவ் செய்தார். பல்க்கில் முதல் லாட் இறங்கியதும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி வந்தால், அப்ரூவ் ஆன ஸ்வாட்ச்சோடு லைட் பாக்ஸில் வைத்து பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 இரண்டு லைட்டிலும் பார்த்த பிறகுதான் ஓகே கொடுக்க வேண்டும், அது எங்கள் கம்பெனி வழக்கம், பையர் மேனுவலிலும் இருந்தது. அன்றைக்குத் துண்டு வந்து சேரும்போது மணி ஏழைத் தாண்டிவிட்டது. லைட் பாக்ஸ் இருக்கும் க்யூசி ரூமைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்டரின் டி அண்ட் ஏ கால அட்டவணை ஏற்கெனவே ஒன்பது நாள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, காலையில் பார்க்கலாம் என்றால் டையிங்கில் மெஷினை வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். ஃப்ளோரில் டியூப் லைட்டுக்கு அடியில் இரண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றாகத்தான் இருந்தது, போனில் ஓகே சொன்னேன். மறுநாள் லைட் பாக்ஸில் வைத்துச் சரிபார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை.

இன்லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையர் க்யூசி பெண் துணியை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தவுடனேயே தலையை ஆட்டிவிட்டார். பகல் வெளிச்சத்தில் மஞ்சள் தூக்கலாகத் தெரிந்தது. ஒரு லைட்டில் ஒன்றாகவும் இன்னொரு லைட்டில் வேறாகவும் தெரியும் மெட்டாமெரிசம். ஸ்டாக் இல்லை என்று டையிங் யூனிட் ரெசிபியில் ஒரு டையை மாற்றியிருக்கிறார்கள், எங்களிடம் சொல்லவில்லை. அது அவர்கள் தப்பு, ஷோ காஸ் பதிலிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மாதிரி மாற்றத்தைப் பிடிப்பதற்குத்தானே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறோம், அதனால் டையிங்கைக் கைகாட்டிவிட்டு நான் ஒதுங்க முடியாது.

அந்தக் கலரில் மொத்தம் 1,100 கிலோ. 400 கிலோ கட்டிங் முடிந்திருந்தது, அதற்குப் புதுத் துணி ஓட்ட வேண்டி வந்தது. மீதி 700 கிலோவைச் சாயம் எடுத்து ஸ்ட்ரிப் செய்து ரீடை போட்டார்கள். இரண்டு வாரம் போனது. ஏர் ஃபிரைட்டையும் சேர்த்து கம்பெனி போட்ட கணக்கு சுமார் 5.3 லட்சம், ஷோ காஸ் நோட்டீஸிலேயே அந்தத் தொகை இருக்கிறது. பையர் ஆர்டரை கேன்சல் செய்யவில்லை, டிஸ்கவுண்டும் கேட்கவில்லை.

லெட்டரில் இருக்கும் காரணம் "பணியில் கவனக்குறைவு". ரிலீவிங் ஆர்டர் உண்டு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கொடுத்தார்கள், அதில் தேதியும் பதவியும் மட்டும் இருக்கிறது, நடத்தை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதைப் பார்த்ததுமே உங்கள் கிளையண்டுக்குப் புரிந்துவிடும். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் கொடுத்தார்கள், பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி ஏற்றியாகிவிட்டது. கிராஜுவிட்டியும் முழுதாக வந்தது. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கவனக்குறைவால் நஷ்டம் என்று ஒருவரை நீக்கினால் நஷ்டத்தின் அளவுக்கு கிராஜுவிட்டியைப் பிடித்துக்கொள்ள அப்போது நடப்பில் இருந்த 1972 சட்டத்தில் இடம் உண்டு, அவர்கள் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. மேனேஜ்மெண்டுக்கு என் மேல் கோபம் இருந்தது, நாணயத்தில் சந்தேகம் இல்லை என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

மெமோ ஒன்று உண்டு. 2024-இல், ப்ரீ-புரொடக்‌ஷன் சாம்பிள் நான்கு நாள் தாமதமாக அனுப்பியதற்கு. அதைத் தவிர வேறு இல்லை.

ஒரு லாட்டுக்காக ஆறு வருட ஆளை நீக்கியது சரியா என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வேன் என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்கு அதில் ஒரு கருத்து இருக்கிறது, வெளியில் பேசுவதாக இல்லை. பழைய கம்பெனியைப் பற்றி ஒரு குறையும் என் வாயிலிருந்து வராது.

கவிதா

கன்சல்டன்சியிலிருந்து:

போதும் கவிதா, தெளிவாக இருக்கிறது. கிளையண்ட் ஃபார்மில் காரணத்துக்கு மூன்று நான்கு வரிதான் இடம், உங்கள் வார்த்தையிலேயே கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, நிறைய பேர் இந்த மாதிரி இடத்தில் "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா" என்று போடுவார்கள், ரெஃபரன்ஸ் கேட்காத கம்பெனி என்றால் அதுவே ஓடிவிடும். உங்கள் விருப்பம். ரெஃபரன்ஸ் யார்? செப்டம்பருக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள்?

என் பதில்:

மேடம்,

ராஜினாமா என்று போட வேண்டாம். ராஜினாமா லெட்டர் காட்டுங்கள் என்று ஒருநாள் கேட்டால் என்னிடம் இருப்பது டெர்மினேஷன் லெட்டர்தான், அப்புறம் சேர்ந்த வேலையும் போகும். ஃபார்முக்கு இது:

"2025 செப்டம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்டேன். ஒரு ஐரோப்பிய ஆர்டரில் பல்க் துணியின் ஷேடை லைட் பாக்ஸில் சரிபார்க்காமல் ஒப்புதல் கொடுத்தேன். ரீடையும் ஏர் ஷிப்மெண்டும் செய்ய நேர்ந்து கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டது. ரிலீவிங் ஆர்டரும் செட்டில்மெண்டும் முழுமையாகப் பெற்றுவிட்டேன். ஷோ காஸ் நோட்டீஸ், என் பதில், டெர்மினேஷன் லெட்டர் மூன்றையும் நேரில் காட்டத் தயார்."

இதை மென்மையாக்க வேண்டாம். "சூழ்நிலை காரணமாக" என்று யாராவது சேர்த்தால் படிக்கிறவருக்கு அந்த வார்த்தைதான் கண்ணில் உறுத்தும்.

ரெஃபரன்ஸுக்கு ஹெச்ஆர் நம்பர் கொடுத்தால் சேர்ந்த தேதியும் போன தேதியும் மட்டும் சொல்வார்கள். அப்போது என் மேனேஜராக இருந்தவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார், நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும், என்னைத் திட்டியதும் அவர்தான். நேற்று பேசினேன், கூப்பிட்டால் உள்ளதைச் சொல்கிறேன் என்றார், எனக்குச் சாதகமாக மட்டும் பேசுவார் என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நம்பரை உங்களுக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கிளையண்ட் இன்டர்வியூ முடித்து விருப்பம் காட்டிய பிறகு கொடுங்கள்.

நவம்பரிலிருந்து ஒரு சின்ன பையிங் ஏஜென்சியில் தற்காலிகமாக ஃபாலோ-அப் வேலை பார்க்கிறேன், மூன்று யூனிட், பெரும்பாலும் ஷேடு, டிரிம்ஸ் அப்ரூவல்தான். பேரோலில் இல்லை, மாதா மாதம் பில் கொடுத்துப் பணம் வாங்குகிறேன், அதனால் பிஎஃப்பில் அக்டோபர் தொடங்கி இடைவெளி தெரியும், அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இங்கே லாட் ஓகே எல்லாம் மெயிலில்தான் கொடுக்கிறேன், எந்த லைட்டில் பார்த்தேன் என்று மெயிலிலேயே எழுதிவிடுகிறேன். டையிங்கில் சலித்துக்கொள்கிறார்கள், பழகிவிட்டது. அவர்கள் ஹெட் கேட்டால் இந்த மெயில்களில் பையர் பெயரை மறைத்து இரண்டு மூன்றைக் காட்ட முடியும்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. டெர்மினேஷனைக் காட்டிக் குறைக்கப் பார்ப்பார்கள், அது எனக்குத் தெரியும். கடைசியாக வாங்கியதற்குக் கீழே வர முடியாது, ஆனால் முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன் என்றால் சம்மதம், அது முடியும் வரை இன்க்ரிமெண்ட் பற்றிப் பேச மாட்டேன்.

இன்டர்வியூ வியாழன் அல்லது வெள்ளி, மாலை நான்கு மணிக்கு மேல் என்றால் வசதி. அவினாசி ரோடு பக்கம் என்றால் நேரில் வந்துவிடுவேன், அவர்கள் லைட் பாக்ஸையும் அப்படியே பார்த்த மாதிரி இருக்கும்.

கவிதா