வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திற்குப் பின்னறையை வாடகைக்கு வேண்டி விண்ணப்பம்

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ
8 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மண்டப உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து அண்மையில் டொராண்டோவுக்குக் குடிவந்த ஏழு குடும்பத்தினர் சார்பாக இதை எழுதுகிறேன். ஞாயிறன்று ஆங்கில ஆராதனைக்குச் செல்கிறோம். ஆனால் எங்களோடு வந்திருக்கும் வயதான தாய்மாருக்கு அங்கே ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை என்பதால், வெள்ளிதோறும் தமிழில் வேதம் வாசித்து, கீர்த்தனை பாடி, ஜெபிக்கிறோம். இதுவரை ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் கூடினோம். பிள்ளைகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேருக்கு அது போதவில்லை, முழங்கால் வலியுள்ளோருக்கு அந்தச் செங்குத்துப் படியும் ஆகவில்லை.

மார்க்கம் ரோட்டிலுள்ள தங்கள் மண்டபத்தின் பின்னறையை, நவம்பர் 7 முதல் வெள்ளிக்கிழமைகளில் மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை எங்களுக்கு வாடகைக்குத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களில் பாதிப்பேருக்குக் கார் இல்லை. 102ஆம் எண் பேருந்து வாசலிலேயே நிற்பதால், பனிக்காலத்திலும் முதியோர் அதிகம் நடக்காமல் வந்துபோகலாம். சனி, ஞாயிறு கலியாணங்களுக்கு உரியவை என்பதை அறிவோம். வெள்ளியன்றே மேடை அலங்காரம் தொடங்க வேண்டியிருந்தால், இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், அந்த வாரம் வீட்டிலேயே கூடிக்கொள்வோம்.

வாரத்துக்கு 90 டாலர் எங்களால் இயலும். மாதத் தொகையை முன்பணமாகச் செலுத்திவிடுவோம். பொறுப்புக் காப்புறுதி தேவையென்றால் அதையும் எடுத்துத் தருவோம். மைக், டிரம்ஸ் கிடையாது, ஒரு சிறு ஆர்மோனியம் மட்டுமே. சுவருக்கு அப்பால் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வராது. சமைக்க மாட்டோம், முடிவில் பிளாஸ்கில் கொண்டுவரும் தேநீரும் பிஸ்கட்டும்தான். சப்பாத்தில் ஒட்டிவரும் உப்பும் சேறும் தரையைக் கெடுக்காதபடி வாசலில் தட்டு வைத்து, உள்ளே எங்கள் ஜமுக்காளத்தை விரித்து உட்காருவோம். போகும்போது கூட்டித் துடைத்துவிட்டே பூட்டுவோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தாங்கள் சைவர் என்பதும், அறை முகப்பில் பிள்ளையார் படம் விளக்கோடு இருப்பதும் எங்களுக்குத் தெரியும். அதை நகர்த்தவோ திரையிட்டு மறைக்கவோ ஒருபோதும் கேட்க மாட்டோம். தங்கள் வாடிக்கையாளரிடம் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும், மதம் மாறச் சொல்லிப் பேசுவதும் எங்கள் கூட்டத்தில் இல்லை. பிறந்த ஊரைவிட்டு வந்த பெரியவர்கள் தங்கள் மொழியில் மனம்விட்டு ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்பதே எங்கள் ஆவல். தயக்கமிருந்தால் முதலில் ஒரு மாதம் மட்டும் அனுமதித்துப் பார்த்து, பிறகு முடிவு செய்யலாம்.

மாலை ஆறு மணிக்குமேல் எந்த நாளில் அழைத்தாலும் நேரில் வந்து பேச ஆயத்தமாக இருக்கிறேன். என் தொலைபேசி எண்ணை உறையின் பின்புறம் எழுதியுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. எஸ்தர்
(ஜெபக்குழுவினருக்காக)