மூன்று படங்கள்

கும்பகோணம்
12.5.2024

அன்புள்ள கவிதாவுக்கு,

லீவில் பார்க்க மூன்று படம் சொல்லுங்கள் டீச்சர் என்று நீ போனில் கேட்டபோது கீரைக்காரம்மா வாசலில் நின்றாள், சரியாகப் பதில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் எனக்குத் தட்ட வராது. அதனால் கடிதம்.

முதலில் 'பதேர் பாஞ்சாலி'. சத்யஜித் ரே, 1955. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்களே, அப்போது பார்த்தேன். எல்லோரும் ரயில் காட்சியைச் சொல்வார்கள். என்னை விடாமல் பிடித்தது பாசிமாலை. துர்கா அதைத் திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் பழி போடுவார்கள், அம்மாவிடம் அடி வாங்குவாள். அவள் இறந்த பிறகு, ஊரை விட்டுக் கிளம்பும்போது தம்பி அப்புவின் கையில் மாலை கிடைக்கும். யாரிடமும் காட்டாமல் குளத்தில் எறிவான். பாசி விலகும், மெல்லத் திரும்ப மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் வகுப்பில் பேனா காணாமல் போனால் நான் யார் பையையும் சோதித்ததில்லை. உங்களுக்கெல்லாம் அது ஏனென்று புரிந்திருக்காது.

அடுத்தது பாலுமகேந்திராவின் 'வீடு', 1988. சொந்த வீடு கட்ட ஒரு குடும்பம் பணத்துக்குப் படும் பாடுதான் கதை. பாட்டே கிடையாது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வந்து, கட்டி முடியாத வீட்டைத் தனியாகச் சுற்றிப் பார்ப்பார். அந்த இடம் போதும். நோட்டு வாங்கக் காசில்லை என்கிற அப்பாக்களை நச்சரிப்பதை நான் விட்டது அதற்குப் பிறகுதான். நீயோ ஹவுசிங் லோன் போடுகிறாய். லோன் கைக்கு வந்த பிறகே பார்!

மூன்றாவதுதான் உனக்கு முக்கியம். 'நண்பனின் வீடு எங்கே?', ஈரானியப் படம், அப்பாஸ் கியாரோஸ்தமி, 1987. வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் வரும் பையனிடம், இன்னொரு தடவை இப்படி வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்பார் வாத்தியார். சாயந்திரம் பார்த்தால் அவன் நோட்டு பக்கத்தில் உட்காரும் அகமதின் பையில். இரண்டும் ஒரே மாதிரி அட்டை, மாறி வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால், முதலில் எழுது, அப்புறம் ரொட்டி வாங்கி வா என்கிறாள். குன்றின் மேல் வளைந்து வளைந்து போகும் பாதையில் அடுத்த ஊருக்கு அகமது ஓடுகிறான். வழியில் பெரியவர்கள் பலரும் அவன் சொல்வதை முழுதாகக் கேட்பதில்லை. முடிவில் அவன் என்ன செய்தான் என்பதை நீயே பார்.

எனக்கு அந்த வாத்தியாரைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. நான் இந்தப் படம் பார்த்ததற்கு முந்தின வருஷம்தான், ஏழாம் வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதவில்லையென்று உன்னை மூன்று நாள் வெளியே நிற்கவைத்தேனே. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை ஒரு வாரம் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ சொல்லவில்லை, சரி. நான் கேட்டேனா?

இப்போது உன் வகுப்பிலும் நாலு பேர் எழுதாமல் வருகிறார்கள் என்றாயே. படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

பள்ளி திறப்பதற்குள் ஒருநாள் வா. அம்மாவையும் கூட்டி வா. அவர்களிடம் நான் இதுவரை இதைப் பேசியதில்லை.

அன்புடன்,
சரோஜா டீச்சர்