இந்த ஆண்டு லாபத்தில் எவ்வளவு பகிர்வது: போர்டு கூட்டத்துக்கு முன் குடும்பப் பங்குதாரர்களுக்கு ஒரு குறிப்பு

பெரியப்பா, அப்பா, அத்தை, அண்ணா எல்லோருக்கும்,

ஆடிட் முடிந்துவிட்டது. 2025-இல் வரி போக நம் கம்பெனியின் லாபம் 510 லட்சம். அதில் எவ்வளவு டிவிடெண்டாகக் கொடுக்கலாம், எவ்வளவு கம்பெனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். கணக்கு பார்க்கிறவள் என்ற முறையில் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொத்தம் 165 லட்சம். அதில் 140 வழக்கமான டிவிடெண்ட், 25 இந்த ஒரு முறைக்கு மட்டும். கீழே உள்ள தொகைகள் எல்லாமே லட்சத்தில். டிவிடெண்டுக்கு அவரவர் கட்டும் வரியை நான் கழிக்கவில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அண்ணாவும் நானும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 48. அத்தைக்குச் சம்பளம் கிடையாது. 25 சதவீதப் பங்குக்கு வரும் டிவிடெண்ட்தான் அவருக்குக் கம்பெனியிலிருந்து கிடைக்கும் ஒரே வருமானம். லாபத்தை உள்ளேயே வைக்கலாம் என்று நாங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றல்ல. இந்தக் குறிப்பைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை என்ன செய்தோம்

| ஆண்டு | வரி போக லாபம் | டிவிடெண்ட் | பகிர்ந்த சதவீதம் |
|---|---|---|---|
| 2021 | 320 | 60 | 19 |
| 2022 | 350 | 70 | 20 |
| 2023 | 290 | 60 | 21 |
| 2024 | 430 | 80 | 19 |

நல்ல ஆண்டோ மோசமான ஆண்டோ, ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறோம். ஏன் 20 சதவீதம் என்று பழைய தீர்மானங்களில் தேடினேன். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. ஒரு காலத்தில் கடன் அதிகமாக இருந்தது, அப்போது அது சரியாக இருந்திருக்கும். அந்தக் கடன் இப்போது பெருமளவு அடைந்துவிட்டது. பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த ஆண்டின் 510-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கிடங்கை விற்றதில் வந்த லாபம் 40 அதில் இருக்கிறது. அது மறுபடி வராது. தொழிலில் வந்த லாபம் 470. இனி நான் சொல்லும் சதவீதங்கள் எல்லாம் இந்த 470-ஐ வைத்துத்தான்.

உள்ளே வைத்த பணம் என்ன சம்பாதித்தது

நான்கு ஆண்டுகளில் பகிராமல் வைத்தது 1120. 2021-இல் 320 ஆக இருந்த லாபம் 2025-இல் 470 ஆகியிருக்கிறது, உயர்வு 150. 1120 வைத்து 150 கூடுதலாகச் சம்பாதித்தோம் என்றால் அது 13.4 சதவீதம். பார்க்கச் சுமாராகத் தெரியும். ஆனால் இந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன. முடிவு எடுக்க அவைதான் முக்கியம்.

1120 எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தேன். இயந்திரங்களில், தேய்மானம் போக, 380. சரக்கு இருப்பிலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் 240. கடன் அடைத்தது 120. மீதி 380 ஃபிக்ஸட் டெபாசிட்டில். டெபாசிட் வட்டி வரி போக ஆண்டுக்குச் சுமார் 19, அதாவது 5 சதவீதம். கடன் அடைத்ததால் மிச்சமான வட்டி, வரி போக, 9. இரண்டையும் கழித்தால், தொழிலில் போட்ட 620 சம்பாதித்தது 122. கிட்டத்தட்ட 20 சதவீதம்.

இந்த உயர்வில் கொஞ்சம் விலைவாசியால் வந்தது என்று பெரியப்பா சொல்வார், அது சரிதான். அதற்காகக் குறைத்துப் பார்த்தாலும் முடிவு மாறாது. தொழிலுக்குள் போன பணம் நன்றாக உழைத்திருக்கிறது. அதை வெளியே எடுக்கச் சொல்ல யாருக்கும் காரணமில்லை. டெபாசிட்டில் கிடந்த பணம் யாருக்கும் பயன்படவில்லை. 5 சதவீதத்துக்குப் போட்டு வைப்பதென்றால் அதை அத்தையே போட்டுக்கொள்ளலாம், நாம் அவருக்காகச் செய்ய வேண்டியதில்லை.

டெபாசிட் ஏன் சேர்ந்தது என்பதற்கும் கணக்கில் பதில் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சொந்த முதல் 2220 (பங்கு மூலதனம் 200, சேர்த்து வைத்த லாபம் 2020). அதன் மீது 470 என்றால் 21.2 சதவீத வருவாய். இதில் 80 சதவீதத்தை உள்ளேயே வைத்தால் சொந்த முதல் ஆண்டுதோறும் 17 சதவீதம் வளரும். நம் விற்பனை வளர்வதோ ஆண்டுக்கு 11 சதவீதம் அளவில்தான். தொழிலுக்குத் தேவைப்படாத அந்த வித்தியாசம் ஆண்டுதோறும் பேங்கில் போய் உட்கார்கிறது. 35 சதவீதம் பகிர்ந்தால் சொந்த முதல் 13.8 சதவீதம் வளரும். 11 சதவீத வளர்ச்சிக்கு அது போதும், கொஞ்சம் மீதியும் இருக்கும். 60 சதவீதம் பகிர்ந்தால் 8.5 சதவீதம்தான். அப்போது ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கும் கடன் வாங்க வேண்டி வரும்.

2530 ஏன் கையில் இல்லை

அத்தை போனில் கேட்டது நியாயமான கேள்வி: "பேலன்ஸ் ஷீட்டில் சேர்த்து வைத்த லாபம் 2530 என்று போட்டிருக்கிறதே, அதிலிருந்து ஏன் கொடுக்கக் கூடாது?" சட்டப்படி பகிர இடமிருக்கலாம். ஆனால் அந்த 2530 முழுவதும் பணமாக இல்லை. அதில் பெரும்பகுதி இயந்திரமாக, காகிதச் சுருளாக, வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாக மாறி நிற்கிறது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சம்பாதித்ததில் இவ்வளவு பகிரப்படவில்லை.

பணக்கணக்கு இது. லாபம் 470, தேய்மானம் 130, சேர்த்து 600. பாக்கியிலும் சரக்கிலும் 150 முடங்கியது. ஒரு பெரிய வாடிக்கையாளர் 45 நாளில் கட்டிக்கொண்டிருந்ததை 75 நாளாக இழுத்ததுதான் இதில் பெரும்பகுதி. இருக்கிற இயந்திரங்களை ஓடும் நிலையில் வைக்க 140 செலவானது. இயந்திர விலை ஏறிவிட்டதால் இது தேய்மானத்தைவிட அதிகம். கடன் அசல் 90. மிஞ்சியது 220. கிடங்கு விற்ற பணம் 70-ஐயும் சேர்த்தால் 290. பழைய டெபாசிட் 380-உடன் இன்று கையில் உள்ளது 670.

இந்த 670-இல் இரண்டு தொகைகளைத் தொட முடியாது. சம்பளம், மின்சாரம், வட்டி, வாடகை என்று மாதம் 70 நிச்சயச் செலவு. மூன்று மாதத்துக்கு 210 இருப்பு வேண்டும். 75 நாள் பாக்கி வைக்கும் வாடிக்கையாளர் இருக்கும் தொழிலில் இதைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அடுத்தது அண்ணா கேட்கும் அச்சு இயந்திரம்: விலை 700, கடன் 420, நம் பங்கு 280. வட்டிக்கு முன், வரி போக, ஆண்டுக்கு 112 தரும் என்பது அவர் மதிப்பீடு, அதாவது 16 சதவீதம். ஆர்டர் முக்கால் பங்குதான் வந்தால் என் கணக்கில் 10 சதவீதத்துக்கு இறங்கும். டெபாசிட்டைவிட அதுவும் மேல்தான். ஆனாலும் வாங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாடிக்கையாளரிடமாவது எழுத்தில் ஆர்டர் வாங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

670-இலிருந்து 210, 280 போக மீதி 180. பகிர முடிந்த உச்சவரம்பு இதுதான்.

மூன்று தொகைகள்

பழையபடி 20 சதவீதம் கொடுத்தால் 94. சிக்கல் எதுவுமில்லை, ஆனால் டெபாசிட் மறுபடி ஏறும். நான்கு ஆண்டு செய்ததையே ஐந்தாவது முறையும் செய்வோம்.

அத்தை கேட்பது 60 சதவீதம், 282. கொடுத்தால் கையில் 388 இருக்கும். இருப்பு 210 போக 178. இயந்திரத்துக்கு 102 குறையும். அதோடு, புதிய கடனுக்கு பேங்க் அனுப்பிய நிபந்தனைகளில், ஆண்டு லாபத்தில் 40 சதவீதத்துக்கு மேல் பகிர்வதென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. 510-இல் 282 என்பது 55 சதவீதம். கடன் வாங்கும் நேரத்தில் இந்தச் சம்மதத்தைக் கேட்டு நிற்பது நல்லதல்ல.

நான் சொல்லும் 165 கொடுத்தால் கையில் 505 இருக்கும். இருப்பும் இயந்திரமும் போக 15 மிஞ்சும். பெரியப்பாவுக்கு 66, அப்பாவுக்கு 57.75, அத்தைக்கு 41.25. சென்ற ஆண்டு அத்தைக்கு வந்தது 20.

140, 25 என்று ஏன் பிரிக்கிறேன்? அமெரிக்காவில் 28 கம்பெனிகளின் நிர்வாகிகளிடம் பேசி ஜான் லின்ட்னர் 1956-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் அவர் கண்டது: ஒருமுறை உயர்த்திய டிவிடெண்டைக் குறைக்க யாரும் விரும்புவதில்லை, அதனால் தாங்கும் என்று உறுதியான பிறகே உயர்த்துகிறார்கள். குடும்பத்தில் இது இன்னும் கடுமையாக இருக்கும். அத்தை ஒரு வீட்டுத் தவணையை இந்தப் பணத்தை நம்பி ஏற்றுக்கொண்டால், மறு ஆண்டு குறைத்துக் கொடுப்பது கூட்டத்தில் ஒரு தீர்மானத்தோடு முடியாது. ஆகவே வழக்கமான தொகை மோசமான ஆண்டிலும் கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

2023 மாதிரி ஆண்டு திரும்பினால்? லாபம் 290, தேய்மானம் 130, பராமரிப்பு 140, கடன் 90; மிஞ்சுவது 190. புதிய கடனின் அசல் 70 போனால் 120. டிவிடெண்ட் 140. வட்டியையும் சேர்த்தால் சுமார் 50 குறையும். அந்த 210 இருப்பு இதை ஓர் ஆண்டு தாங்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டு என்றால் வழக்கமான தொகையைக் குறைத்தே ஆக வேண்டும். இதை இப்போதே எல்லோரும் தெரிந்து ஒப்புக்கொள்வது நல்லது.

டிவிடெண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பங்கின் மதிப்பு மாறாது என்று 1961-இல் மில்லரும் மோடிக்லியானியும் காட்டினார்கள். வரியும் செலவும் இல்லாத சந்தையில், பணம் வேண்டுமென்றால் பங்கில் கொஞ்சம் விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. அத்தையால் பங்கை யாரிடம் விற்க முடியும்? நம் விதிகளின்படி நமக்குத்தான் விற்க வேண்டும், விலையும் நாம்தான் சொல்வோம். இந்த நிலையில் "லாபம் உள்ளேதானே இருக்கிறது, உங்கள் பங்கு வளர்கிறதே" என்று அவரிடம் சொல்வது போதுமான பதில் ஆகாது.

இனி வரும் ஆண்டுகளுக்கு

ஒவ்வோர் ஆண்டும் பேரம் பேசாமல் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். கடைசி மூன்று ஆண்டுத் தொழில் லாபத்தின் சராசரியில் 35 சதவீதம் வழக்கமான டிவிடெண்ட். இப்போது சராசரி 397, அதில் 35 சதவீதம் 139. 140 வந்தது இப்படித்தான். மூன்று மாத இருப்புக்கும், அடுத்த 18 மாதத்துக்கு போர்டு ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கும் மேல் பணம் நின்றால் அது தனி டிவிடெண்டாக வெளியே போக வேண்டும். இயந்திரத்துக்கு இந்தக் கூட்டத்துக்கு அடுத்த கூட்டத்துக்குள் ஆர்டர் போடாவிட்டால் அந்த 280-உம் இந்தக் கணக்குக்குள் வரும். அண்ணாவின் சம்பளமும் என் சம்பளமும் வெளியாள் ஒருவருக்கு இதே வேலைக்குக் கொடுக்கும் தொகையாக இருக்க வேண்டும். அதை ஆடிட்டர் சரிபார்த்து எழுதித் தரட்டும், நாங்கள் இருவரும் அந்த விவாதத்தில் ஓட்டுப் போட மாட்டோம்.

165-ஐ இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொல்கிறேன்: தீர்மானம் ஆனதும் 90, அந்தப் பெரிய வாடிக்கையாளரின் பாக்கி வந்ததும், எப்படியும் 90 நாளுக்குள், மீதி 75. பாக்கி வராவிட்டாலும் இரண்டாவது தவணை நிற்காது. அதற்கு டெபாசிட்டில் பணம் இருக்கிறது.