திருப்பாலைக்குடி மீன் இறங்குதளத் திட்ட அறிக்கைக்கான ஆலோசகர் தேர்வு: ஒப்பந்தப்புள்ளி கூராய்வுக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

இடம்: கோட்ட அலுவலகக் கூட்ட அரங்கு, இராமநாதபுரம்
நாள்: 05.08.2025 (தொழில்நுட்ப மதிப்பீடு), 12.08.2025 (விலை மதிப்பீடும் பரிந்துரையும்)

வந்திருந்தோர்: கண்காணிப்புப் பொறியாளர் (தலைவர்), செயற்பொறியாளர் (உறுப்பினர் செயலர்), மீன்வளத் துணை இயக்குநர், கடல்சார் பொறியியல் பேராசிரியர் (வெளி வல்லுநர்), கோட்டக் கணக்கர். முதல் நால்வர் தொழில்நுட்ப மதிப்பெண் வழங்கினர். கோட்டக் கணக்கர் மதிப்பெண் வழங்காமல் தகுதி ஆவணங்களையும் விலைக் கணக்கையும் மட்டும் சரிபார்த்தார்.

1. பணியும் தேர்வு முறையும்

பாக் விரிகுடாக் கரையில் திருப்பாலைக்குடியில் அமையவுள்ள மீன் இறங்குதளத்துக்குக் கள அளவீடு செய்து, விரிவான திட்ட அறிக்கை தயாரித்து, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கான விண்ணப்பத்தையும் ஆயத்தம் செய்து தருவதே பணியாகும். இது கட்டுமானப் பணியன்று, ஆலோசனைப் பணி என்பதால், தரத்துக்கு 80 விழுக்காடும் விலைக்கு 20 விழுக்காடும் எடையிட்டுத் தேர்வு செய்யப்படும் என ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பத்தில் குறைந்தது 70 மதிப்பெண் பெற்றவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். இந்த எடைகளும் அளவுகோல்களும் ஒப்பந்தப்புள்ளி அழைக்கப்பட்ட பின் எவ்விதத்திலும் மாற்றப்படவில்லை. அளவுகோலில் இல்லாத சிறப்பு எதற்கும் மதிப்பெண் தருவதில்லை என்று உறைகளைப் படிக்கத் தொடங்கும் முன்பே குழு முடிவு செய்தது.

இணையவழி நான்கு ஒப்பந்தப்புள்ளிகள் வரப்பெற்றன. அவை திறக்கப்பட்ட வரிசைப்படி முதலாம், இரண்டாம், மூன்றாம், நான்காம் நிறுவனம் என இக்குறிப்பில் சுட்டப்படுகின்றன. பெயர்கள் உறை திறப்புப் பதிவேட்டில் உள்ளன.

2. நலமுரண் அறிவிப்பு

நலமுரண் இல்லை என்று உறுப்பினர் அனைவரும் எழுத்து மூலம் உறுதியளித்தனர். பேராசிரியர் மட்டும், இரண்டாம் நிறுவனம் முன்மொழிந்துள்ள சுற்றுச்சூழல் வல்லுநருடன் தாம் முன்பு ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கூட்டாக எழுதியிருப்பதைத் தாமாகவே தெரிவித்தார். பொருளாதாரத் தொடர்பு ஏதும் இல்லாததால் அவர் குழுவிலிருந்து விலக வேண்டியதில்லை என்று தலைவர் கருதினார். எனினும் பணியாளர் பிரிவுக்கு அவர் மதிப்பெண் வழங்கவில்லை. அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அவர் விலகியிருந்தால் ஒரு நிறுவனத்தை மூவரும் மற்றவற்றை நால்வரும் மதிப்பிட்டதாகிவிடும் என்பதால், மதிப்பெண் வழங்கப்பட்ட மூன்று நிறுவனங்களுக்கும் அப்பிரிவில் அவர் விலகியிருந்தார்.

3. நான்காம் நிறுவனம் தகுதி நீக்கம்

கடந்த ஏழாண்டுகளில் மீன்பிடித் துறைமுகம் அல்லது மீன் இறங்குதளம் ஒன்றுக்கான திட்ட அறிக்கையையாவது முடித்திருக்க வேண்டும் என்பது கட்டாயத் தகுதி. நான்காம் நிறுவனம் பணி ஆணையை இணைத்திருந்தது. நிறைவுச் சான்று இல்லை. விளக்கம் கோரியபோது சான்று ஒன்றை அனுப்பியது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்குப் பிறகே அந்தப் பணி நிறைவுற்றதாக அச்சான்றிலேயே கண்டிருந்தது. கடைசி நாளன்று இருந்த நிலையைத் தெளிவுபடுத்தவே விளக்கம் கோரலாம். அன்று இல்லாத தகுதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ள அது வழியாகாது. இதன் அடிப்படையில் அந்நிறுவனம் தகுதியற்றது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. அதன் விலை உறை திறக்கப்படவில்லை.

4. தொழில்நுட்ப மதிப்பெண்கள்

| பிரிவு (உச்ச மதிப்பெண்) | முதலாம் | இரண்டாம் | மூன்றாம் |
|---|---|---|---|
| நிறுவன அனுபவம் (20) | 15 | 20 | 15 |
| அணுகுமுறை (35) | 29.0 | 22.5 | 24.0 |
| பணியாளர் (35) | 31 | 29 | 29 |
| பணித்திட்டம் (10) | 8 | 5 | 8 |
| மொத்தம் (100) | 83.0 | 76.5 | 76.0 |

*நிறுவன அனுபவம்.* தகுதியான முதல் பணிக்கு 10, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 5, உச்சம் 20 என்பது அளவுகோல். மூன்றாம் நிறுவனம் மூன்று பணிகளைக் காட்டியது. அவற்றுள் ஒன்றைக் கூட்டு நிறுவனத்தில் 20 விழுக்காட்டுப் பங்குடன் செய்திருந்தது. 50 விழுக்காட்டுக்குக் குறைந்த பங்கு கணக்கில் கொள்ளப்படாது என்று ஆவணம் கூறுவதால் இரண்டு பணிகளே ஏற்கப்பட்டன.

*அணுகுமுறை.* உறுப்பினரின் சொந்த மதிப்பீட்டுக்கு இடமுள்ள ஒரே பிரிவு இதுதான். எனவே ஒவ்வொருவரும் தனித்தனியே படிவத்தில் மதிப்பெண்ணும் காரணமும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கலந்துரையாடல் தொடங்கியது. தலைவர், செயலர், துணை இயக்குநர், பேராசிரியர் என்ற வரிசையில் முதலாம் நிறுவனம் 29, 28, 30, 29. இரண்டாம் நிறுவனம் 22, 24, 21, 23. மூன்றாம் நிறுவனம் 26, 18, 27, 25 பெற்றன.

முதலாம் நிறுவனம் இந்தக் கரையை அறிந்து எழுதியிருக்கிறது. கரையோரம் ஆழம் மிகக் குறைவாக இருப்பதால் படகுகள் தொலைவில் நங்கூரமிட நேர்வதையும், வாய்க்கால் தோண்டினால் வாடைக்காற்றுக் காலத்தில் சேறு மீண்டும் படியக்கூடும் என்பதையும் எடுத்துக்கொண்டு, தோண்டும் அளவுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் இடையே மூன்று மாற்று வடிவங்களை ஒப்பிட முன்வந்துள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஒரு கணக்கும், மீன்பிடி நாளில் நாட்டுப்படகுகள் மீன் இறக்கும் நேரத்தில் மற்றொரு கணக்கும் எடுப்பதாகக் கூறியிருப்பதும், அணையுமிடத்தின் நீளத்தைத் தீர்மானிக்கச் சரியான வழி என்று துணை இயக்குநர் பதிவு செய்தார். தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதில் அதன் விளக்கம் போதுமானதாக இல்லை. 35க்கு 29 என்று நின்றதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

இரண்டாம் நிறுவனத்தின் அணுகுமுறை வேறொரு கடற்கரைக்கு எழுதப்பட்டதைப் போலவே படிக்கக் கிடைத்தது. திறந்த கடலுக்குரிய அலை விவரங்களை அது பயன்படுத்தியுள்ளது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிய நிறுவனம், பணியிடம் அமைந்துள்ள பாக் விரிகுடாப் பக்கத்தின் கடற்புல் படுகைகளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. அளவீட்டுக் கருவிகள், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றில் அதன் விவரிப்பு மூன்றிலும் தெளிவானது. அதற்குரிய மதிப்பெண் தரப்பட்டுள்ளது.

மூன்றாம் நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்களிடையே 9 வேறுபாடு இருந்தது. வேறுபாடு 7ஐத் தாண்டினால் காரணம் கேட்கப்பட வேண்டும் என்பது குழு ஏற்றுக்கொண்ட நடைமுறை. மீனவர்களுடன் ஒரே ஒரு கூட்டம், அதுவும் வரைபடம் முடிந்த பிறகு, என்று அந்நிறுவனம் குறிப்பிட்டிருப்பதை மற்றவர்களைவிடத் தாம் கடுமையாகக் கருதுவதாகச் செயலர் கூறி, 18 என்ற மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள மறுத்தார். மாற்றும்படி அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

*பணியாளர்.* ஒவ்வொரு நிறுவனமும் முன்மொழிந்த பணியாளர் நால்வருக்கும் கல்வி, அனுபவ ஆண்டுகள், செய்த பணி ஆகியவற்றை வைத்து அட்டவணைப்படி மதிப்பெண் கணக்கிடப்பட்டது. இரண்டாம் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் வல்லுநருக்கு 8க்கு 4 வழங்கியதை விரிவாகப் பதிவு செய்வது அவசியம். அவர் 8 பெற்றிருந்தால் இறுதி வரிசையில் அந்நிறுவனமே முதலிடம் பெற்றிருக்கும். கல்விக்கும் பத்தாண்டு அனுபவத்துக்கும் 4. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி விண்ணப்பங்கள் இரண்டையேனும் பொறுப்பேற்றுத் தயாரித்திருந்தால் மேலும் 4 என்பது அளவுகோல். அவரது தன்விவரத்தில் இரு விண்ணப்பங்கள் காட்டப்பட்டிருந்தன; இரண்டிலும் அவர் "குழு உறுப்பினர்" என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். பொறுப்பேற்றதற்குச் சான்று உண்டா என்று 28.07.2025 அன்று எழுத்து மூலம் கேட்கப்பட்டது. பதிலில் புதிய சான்று இல்லை. அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கத் தயார் என்ற முன்மொழிவே இருந்தது. உறை திறந்த பின் ஆளை மாற்றுவது ஒப்பந்தப்புள்ளியையே மாற்றுவதாகும் என்பதால் அது ஏற்கப்படவில்லை. "இரண்டையேனும்" என்று அளவுகோல் கூறுவதால் பாதி மதிப்பெண் வழங்கவும் இடமில்லை. பேராசிரியர் இதில் கலந்துகொள்ளவில்லை.

*பணித்திட்டம்.* வாடை, கச்சான் ஆகிய இரு பருவங்களிலும் நேரடி அளவீடு செய்தால் 4. ஒரு பருவத்தில் நேரடியாகவும் மறு பருவத்துக்கு ஏற்கனவே உள்ள பதிவுகளிலிருந்தும் எடுத்தால் 1. இரண்டாம் நிறுவனம் ஆறு மாதத்தில் முடிப்பதாகச் சொல்லி இரண்டாவது வழியைத் தேர்ந்தது. எனவே இதற்கு 1 மதிப்பெண்ணும், எஞ்சிய இனங்களுக்கு மூன்று நிறுவனங்களுக்கும் சமமாக 4 மதிப்பெண்ணும் வழங்கப்பட்டன. இதுவும் முடிவைப் பாதிக்கக்கூடிய வேறுபாடே. ஆனால் அட்டவணை தெளிவாக இருப்பதால் குழு தன் விருப்பப்படி நடக்க இதில் இடமில்லை.

மூன்று நிறுவனங்களும் 70ஐத் தாண்டின. மதிப்பெண் தாள்கள் 05.08.2025 அன்றே கையொப்பமிடப்பட்டு, உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டன. அன்றுவரை விலைகள் எவருக்கும் தெரியாது.

5. விலை மதிப்பீடு

12.08.2025 அன்று விலை உறைகள் திறக்கப்பட்டன. முதலாம் நிறுவனம் ரூ.58,40,000, இரண்டாம் நிறுவனம் ரூ.46,72,000, மூன்றாம் நிறுவனம் ரூ.51,20,000. மூன்றாம் நிறுவனத்தின் இனவாரித் தொகைகளைக் கூட்டினால் ரூ.51,02,000 வந்தது. எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்ற ஆவண விதிப்படி ரூ.51,20,000 எடுத்துக்கொள்ளப்பட்டது, குறைந்த தொகையை எடுத்திருந்தாலும் வரிசை மாறாது என்று கோட்டக் கணக்கர் சரிபார்த்தார்.

மிகக் குறைந்த விலையை நிறுவனத்தின் விலையால் வகுத்து 100ஆல் பெருக்கியபோது விலை மதிப்பெண்கள் முறையே 80.00, 100.00, 91.25 ஆயின. எடையிட்ட மொத்தம்: முதலாம் நிறுவனம் 66.40 + 16.00 = 82.40, இரண்டாம் நிறுவனம் 61.20 + 20.00 = 81.20, மூன்றாம் நிறுவனம் 60.80 + 18.25 = 79.05.

வேறுபாடு 1.20 மட்டுமே என்பதால் குழு மேலும் இரண்டு சோதனைகளைச் செய்தது. மூன்றாம் நிறுவனத்துக்குச் செயலர் 18க்குப் பதிலாக மற்றவர்களில் மிக உயர்ந்த 27ஐ வழங்கியிருந்தாலும் அதன் மொத்தம் 80.85 ஆகும். பேராசிரியரின் அணுகுமுறை மதிப்பெண்களை முற்றிலும் நீக்கினால் 82.40, 81.07, 78.78 என வரும். இரண்டிலும் வரிசை மாறவில்லை.

முதலாம் நிறுவனத்தின் விலை, மதிப்பீட்டுத் தொகையான ரூ.55,00,000ஐவிட 6.18 விழுக்காடு அதிகம். மதிப்பீட்டில் அளவீட்டுப் படகு வாடகை ஒரு பருவத்துக்கே சேர்க்கப்பட்டிருப்பது கவனிக்கப்பட்டது. இது விலையை நியாயப்படுத்தப் போதுமானதா என்பதை ஏற்கும் அதிகாரி சட்டப்படி முடிவு செய்ய வேண்டும். குழு எந்த நிறுவனத்துடனும் விலை பேசவில்லை.

6. பரிந்துரை

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பிரிவு 10இன் கீழ் ஏற்கும் அதிகாரியின் முடிவுக்கு முதலாம் நிறுவனம் ஒருமனதாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஏற்பு ஆணை வரும்வரை மதிப்பீட்டு விவரங்கள் வெளியிடப்படக் கூடாது. ஆணை கிடைத்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் பிரிவு 11இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம் என்பதை மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பும் கடிதங்களில் குறிப்பிட வேண்டும். இரண்டாம் நிறுவனத்துக்குரிய கடிதத்தில் சுற்றுச்சூழல் வல்லுநர், பணித்திட்டம் ஆகிய இரு இனங்களுக்குமான காரணத்தையும் தெரிவிக்க வேண்டும்.

தனிப்பட்ட மதிப்பெண் தாள்கள், நலமுரண் உறுதிமொழிகள், விளக்கக் கடிதங்களும் பதில்களும், கணக்குத் தாள் ஆகியவை பக்க எண்ணிட்டு இக்குறிப்புடன் கோப்பில் சேர்க்கப்பட்டன. கோப்பு செயற்பொறியாளரின் பொறுப்பில் இருக்கும்.

(ஒப்பம்) கண்காணிப்புப் பொறியாளர், தலைவர்
(ஒப்பம்) செயற்பொறியாளர், உறுப்பினர் செயலர்
(ஒப்பம்) மீன்வளத் துணை இயக்குநர்
(ஒப்பம்) பேராசிரியர், வெளி வல்லுநர் (பணியாளர் பிரிவு நீங்கலாக)
(ஒப்பம்) கோட்டக் கணக்கர்