வயலினில் பாடுவது தந்தியா, பெட்டியா?

வயலின் தந்தியைக் கனமான ஓர் இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி வில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. தந்தி ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அது அசையும்போது காற்று தள்ளப்படாமல் அதைச் சுற்றி வழுக்கிவிடுகிறது. ஒலியைக் காற்றில் ஏற்றுவது மரப்பெட்டிதான். ஆனால் அந்தப் பெட்டி, வந்ததை அப்படியே பெரிதாக்கும் ஒலிபெருக்கி அல்ல. அதற்கென்று விருப்பு வெறுப்புகள் உண்டு.

முதலில் தந்தி. ரோசின் என்ற பிசின் பூசிய வில்முடி தந்தியைப் பிடித்து இழுக்கிறது, சட்டென்று விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. 'ஏ' தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. கண்ணுக்குத் தந்தி வழவழப்பாக வளைந்து ஆடுவதுபோலத் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகளும் நடுவில் ஒரு மடிப்பும்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். அந்த மடிப்பு தந்தியின் இரு முனைகளுக்கும் இடையே ஓடி ஓடித் திரும்புகிறது. வில்லைக் கடக்கும்போது பிடியை விடுவிப்பதும் மீண்டும் பிடிக்க வைப்பதும் அதுவே. இதனால், பெட்டியின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையின் மேல் விழும் விசை ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குகிறது. அதில் 440-ஓடு 880, 1320, 1760 என மேற்சுரங்களும் நிறைந்திருக்கின்றன.

குதிரை இந்த விசையால் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஒரு கால் மேற்பலகையை அழுத்தும்போது மறுகால் தூக்குகிறது. சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா? அங்கேதான் சவுண்ட் போஸ்ட் வருகிறது. 'ஈ' தந்திப் பக்கத்துக் காலுக்கு அருகே, மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே, பசைகூட இல்லாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சின்னக் குச்சி அது. அந்தப் பக்கம் அதிகம் அசையாமல் தடுக்கிறது. மறுபக்கம், அடியில் பேஸ் பார் என்ற நீள மரச்சட்டம் ஒட்டிய பகுதி, தாராளமாக ஏறி இறங்குகிறது. சமநிலை குலைவதால் பெட்டியின் கொள்ளளவே கூடிக் குறைந்து காற்று தள்ளப்படுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குச்சியை 'ஆன்மா' என்றே அழைக்கிறார்கள். மிகையில்லை: அதைச் சற்று நகர்த்தினாலே குரல் மாறிவிடும்.

அப்புறம் பெட்டியின் விருப்பங்கள், அதாவது அது தானாகவே வலுத்து அதிரும் ஒத்ததிர்வுகள். எஃப் வடிவத் துளைகள் வழியே உள்காற்று 270, 280 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கிறது. ஸ்புரூஸ் மேற்பலகையும் மேப்பிள் பின்பலகையும் சேர்ந்த உடலின் வலுவான ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 400 முதல் 570 ஹெர்ட்ஸ் வரை. குதிரையின் பங்கு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. குதிரையின் மேல் மியூட் என்ற சிறு கவ்வியை மாட்டினால் குரல் மங்குவது, கூடுதல் எடையில் குதிரை அந்த உயர் அதிர்வுகளைக் கடத்தத் திணறுவதால்.

'ஜி' தந்தியின் அடிப்படை 196 ஹெர்ட்ஸ். அது காற்றின் ஒத்ததிர்வுக்கும் கீழே இருப்பதால் பெட்டி அதை மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. சுருதியைத் தாழ்த்திக் கட்டும் கர்நாடக வயலினில் இன்னும் குறைவு. ஆனாலும் அந்தத் தாழ்ந்த சுரம் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. 392, 588, 784 என்று வரும் மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு அதைக் கட்டிக்கொள்வது நம் காதும் மூளையும்தான்.