GSTR-3A அறிவிக்கை: புரசைவாக்கம் பாத்திரக் கடை உரிமையாளருக்கு எளிய தமிழில்

அறிவிக்கை தேதி: 11.08.2025
ரிட்டன் காலம்: ஏப்ரல் – ஜூன் 2025 (காலாண்டு)
கடைசி நாள்: 26.08.2025, செவ்வாய்

வணக்கம். இத்துடன் உள்ள அறிவிக்கையின் பொருளை இந்தத் தாள் சொல்கிறது. சட்டப்படி செல்வது மூல அறிவிக்கைதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது?

நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி ரிட்டன் போடுபவர். ஏப்ரல் – ஜூன் காலாண்டின் வரி கட்டும் ரிட்டனான GSTR-3B-க்குக் கடைசி நாள் 22.07.2025. அது இன்னும் வரவில்லை. அதற்காகவே இந்த அறிவிக்கை. இது அபராத ஆணை அல்ல. கடையைச் சோதனை போடப் போவதாகவும் பொருள் இல்லை. 15 நாள் தரப்பட்டிருக்கிறது. அதற்குள் ரிட்டன் போட்டுவிட்டால் தனியாகப் பதில் கடிதம் வேண்டாம். மதிப்பீட்டு ஆணை வருவதற்கு முன் ரிட்டன் வந்துவிட்டால் அறிவிக்கை தானாகவே ரத்தானதாகக் கொள்ளப்படும்.

26-ஆம் தேதி வரை தள்ளிப்போடாதீர்கள். மறுநாள் விநாயகர் சதுர்த்தி. அந்த வாரம் கடையிலும் கூட்டம், ஆடிட்டர் அலுவலகத்திலும் கூட்டம்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

மூன்று தொகைகள் உண்டு. வரி, வட்டி, தாமதக் கட்டணம்.

தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய். மத்திய அரசுக்கு 25, மாநில அரசுக்கு 25. கணக்கு 23.07.2025 முதல் ஓடுகிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ளவருக்கு ஒரு ரிட்டனுக்கு உச்சவரம்பு 2,000 ரூபாய். ஒன்றரைக் கோடிக்கு மேல் 5 கோடி வரை என்றால் 5,000. விற்பனையும் வரியும் இல்லாத வெற்று ரிட்டனுக்கு நாளுக்கு 20 ரூபாய், உச்சவரம்பு 500.

வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். முழு வரிக்கும் அல்ல. உள்ளீட்டு வரி வரவைக் கழித்தபின் ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு மட்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். காலாண்டின் மொத்த வரி 46,000. கொள்முதல் வரவும், ஏப்ரல், மே மாதங்களுக்கு PMT-06 என்ற மாதச் சலானில் கட்டியதும் சேர்த்து 34,000. மீதி 12,000. 26-ஆம் தேதி ரிட்டன் போட்டால் 35 நாள் தாமதம்.

வட்டி: 12,000 × 18% × 35 ÷ 365 = 207 ரூபாய்
தாமதக் கட்டணம்: 35 × 50 = 1,750 ரூபாய்

வட்டி சிறிது, கட்டணம்தான் பெரிது. ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, வட்டிக்கு இல்லை. ஏப்ரல், மே மாதத் தொகையை அந்தந்த மாதத்துக்கு அடுத்த 25-க்குள் கட்டாமல் விட்டிருந்தால் அதற்கும் தனியாக வட்டி உண்டு.

இந்தக் கட்டணமும் வட்டியும் இப்போது போடும் ரிட்டனிலேயே தெரியாது. அடுத்த காலாண்டின் GSTR-3B-யில் தானாக வந்து உட்காரும். "ஒன்றும் கேட்கவில்லையே" என்று விட்டுவிட்டு அக்டோபரில் திகைப்பவர்கள் நிறையப் பேர். பணத்தை ஒதுக்கி வையுங்கள். இரண்டையும் உள்ளீட்டு வரவிலிருந்து கட்ட முடியாது, ரொக்கம்தான்.

எப்படிப் போடுவது?

முதலில் அதே காலாண்டின் GSTR-1. விற்பனை விவரம் அதில் போகாமல் GSTR-3B திறக்காது. அது நின்றால் உங்களிடம் வாங்கிய ஓட்டல்காரருக்கும் வரவு நிற்கும்.

பிறகு www.gst.gov.in தளத்தில் நுழைந்து Services > Returns > Returns Dashboard செல்லுங்கள். நிதியாண்டு 2025-26, காலாண்டு Apr-Jun, மாதம் June என்று தேர்ந்தெடுங்கள். GSTR-3B-யைத் திறந்து, விற்பனையையும் வரவையும் உங்கள் பில் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். குறையும் தொகைக்குச் சலான் எடுங்கள். சலான் 15 நாள் செல்லும். வங்கிக் கவுண்டரில் ஒரு ரிட்டன் காலத்துக்கு 10,000 ரூபாய் வரைதான் கட்ட முடியும். 12,000 என்றால் நெட் பேங்கிங் அல்லது என்இஎஃப்டி.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சலான் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்தப் பணம் உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் சும்மா கிடக்கும். அதை வரிக்குச் சரிக்கட்டி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி போட்டு, ரிட்டனைத் தாக்கல் செய்ய வேண்டும். ARN என்ற ஒப்புகை எண் வந்தால்தான் தாக்கலானது. அதைத் திரையிலிருந்து எடுத்து வையுங்கள். பணத்தைத் தவறான தலைப்பில், உதாரணமாக மாநில வரிக்குப் பதில் ஐஜிஎஸ்டியில், கட்டிவிட்டால் பதற வேண்டாம். PMT-09 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

விற்பனையே இல்லையா? எஸ்எம்எஸ் போதும். உங்கள் பதிவு செய்த எண்ணிலிருந்து 14409-க்கு NIL R1, பிறகு உங்கள் 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண், பிறகு 062025 என்று அனுப்புங்கள். வரும் குறியீட்டைச் சொல்லியபடி திருப்பி அனுப்பி உறுதிசெய்யுங்கள். அடுத்து NIL 3B என்று மாற்றி அதே மாதிரி. விற்பனை இல்லை என்பதால் ரிட்டன் வேண்டாம் என்பது தவறு.

போடாவிட்டால்?

26-க்குப் பிறகு ASMT-13 என்ற மதிப்பீட்டு ஆணை வரலாம். உங்கள் GSTR-1, உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்கள், இ-வே பில்கள் இவற்றை வைத்து அலுவலர் தம் மதிப்பில் வரியைத் தீர்மானிப்பார். தொகை பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே இருக்கும்.

ஆணை 03.09.2025 அன்று கிடைத்தது என்று வையுங்கள். 60 நாளுக்குள், அதாவது 02.11.2025-க்குள், சரியான ரிட்டன் போட்டு வரியையும் கட்டினால் ஆணை ரத்து. வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் போகாது. அதையும் விட்டால் இன்னொரு 60 நாள், 01.01.2026 வரை. ஆனால் அந்த நாள்களில் மத்திய, மாநிலச் சட்டப்படி தலா 100 ரூபாய் நாளுக்குக் கூடுதல் கட்டணம். அதற்கும் பிறகு அந்தத் தொகை கடன். வங்கிக் கணக்கிலிருந்து வசூலிக்கலாம்.

ஜூலை – செப்டம்பர் ரிட்டனும் நின்றால் விஷயம் வேறு. அடுத்தடுத்து இரண்டு காலாண்டு போடாதவருக்குப் பதிவை ரத்து செய்ய REG-17 அறிவிக்கை வரும். பதில் சொல்ல 7 வேலை நாள். இ-வே பில்லும் அடைபடும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேற்பட்ட சரக்கை அனுப்பவே முடியாது.

இது உண்மையான அறிவிக்கைதானா?

தளத்தில் Services > User Services > View Notices and Orders பகுதியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டாமல் உங்கள் வரிவிதிப்பு வட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வரி கட்டும் ஒரே வழி தளத்துச் சலான். வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடுக்கோ தனிநபர் எண்ணுக்கோ யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

ஏற்கெனவே ரிட்டன் போட்டுவிட்டீர்களா? ARN-இல் உள்ள காலத்தைப் பாருங்கள். வேறு காலாண்டுக்குப் போட்டிருக்கலாம். சரியாக இருந்தால் ARN பக்கத்தின் நகலோடு வட்ட அலுவலகத்துக்கு வாருங்கள். தளத்தில் சிக்கல் என்றால் ஜிஎஸ்டி உதவி எண் 1800-103-4786.