தூத்துக்குடியில் ஏற்றினேன், டர்பனில் இறக்குகிறேன்

தமிழ்நாட்டிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வரும் சரக்கின் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எடை உதைக்கிறதா, பெட்டி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, இறக்குமதியாளர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா? கப்பல் கிளம்பும் முன் கண்ணில் பட்டால் ஒரு மின்னஞ்சலில் சரியாகிவிடும். டர்பனுக்கு வந்தபின் பட்டால், பெட்டி யார்டில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் யாராவது பணம் கட்ட வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நான்கு வருடம் ஏற்றுமதிப் பக்கம் இருந்தேன். மணமாகி டர்பன் வந்தபின் இங்கே ஒரு நிறுவனத்தின் இறக்குமதிப் பிரிவில் ஏழு வருடம். மசாலா, பருப்பு, பித்தளை விளக்கு, சேலை, எவர்சில்வர் பாத்திரம் என்று சாட்ஸ்வர்த் கடைகளில் நீங்கள் பார்க்கும் பல சாமான்களின் காகிதம் என் மேஜையைக் கடந்து போயிருக்கிறது. இரண்டு கரையிலும் உட்கார்ந்து வேலை பார்த்ததால், அங்கே எந்த இடத்தில் அவசரப்படுவார்கள், இங்கே எந்த இடத்தில் கேள்வி வரும் என்று தெரியும்.

ஓர் உதாரணம். காய்ந்த மிளகாய் முழுசாக வந்தால், சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடு 0904.21, தூளாக வந்தால் 0904.22. அதே தூளோடு மல்லியும் மஞ்சளும் சேர்ந்துவிட்டால் அது மசாலாக் கலவை, 0910.91. மூன்றையும் 'சில்லி பவுடர்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வரியைப் பிரிக்கச் சொல்லி எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன், கணக்கில்லை.

இன்னொன்று வாட். இங்கே 15 சதவீதம் என்றதும் இன்வாய்ஸ் தொகையில் 15 சதவீதம் என்று போட்டுவிடுகிறார்கள். சுங்க மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, இறக்குமதி வரியையும் சேர்த்து, அதன் மேல்தான் வாட். சுங்க மதிப்பு 1,00,000 ராண்ட், வரி இல்லாத பொருள் என்றால் வாட் 15,000 அல்ல, 16,500. சின்னக் கடைக்காரருக்கு அந்த 1,500 பெரிய தொகை. சரக்கு கிளம்புவதற்கு முன்பே இந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

நான் பார்த்ததில் எனக்கு மிகப் பிடித்த சரக்கு கருங்கல் சிலைகள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குச் சில மாதம் கழித்து, எங்கள் பகுதிக் கோயில் ஒன்றுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து சிலைகளை வரவழைத்தோம். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் காகிதம் முழுக்க நான் பார்த்தது. சிலையைவிட அதைச் சுற்றியிருக்கும் மரப்பெட்டிதான் வம்பு: பூச்சி வராமல் சூடேற்றிய மரம் என்று ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை பலகையில் இருக்க வேண்டும். பெட்டியை மூடும் முன் ஸ்தபதியிடம் ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு பலகையில் முத்திரை இல்லை. அலுத்துக்கொண்டார், ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். பிள்ளையார் முதல் எல்லோரும் ஒரு கேள்வியும் இல்லாமல் வெளியே வந்தார்கள்.

அந்தச் சமயம் நான் அலுவலகத்தில் இல்லை. மகளும், டயாலிசிஸில் இருந்த மாமியாரும் என்று ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அதை நிர்வாக அனுபவம் என்று இங்கே ஜோடிக்கப் போவதில்லை. அது வீடு, இது வேலை. இந்த வருடத் தொடக்கத்தில் மூன்று மாதம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் அரை நாள் வேலையாகச் சேர்ந்து, இப்போதைய முறையில் டிக்ளரேஷன் போட்டுக் கை பழகிக்கொண்டேன். ஸ்கிரீன்கள் மாறியிருக்கின்றன. 'சில்லி பவுடர்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பும் பழக்கம் மாறவில்லை.

இப்போது முழு நேர வேலைக்குத் தயார். இந்தியச் சரக்கைக் கையாளும் கிளியரிங் நிறுவனத்தில் இறக்குமதிப் பிரிவு என்றால் நல்லது. இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும் அங்கிருந்து அனுப்புபவர்களுக்கும் தனியாகக் காகிதம் பார்த்துக் கொடுக்கவும் செய்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன், பேசுவேன். ஜூலு பேரம் பேசும் அளவுக்கு வரும், கடிதம் எழுதும் அளவுக்கு வராது.

காலை ஏழரைக்கு மேஜையில் இருப்பேன். அப்போது தூத்துக்குடியில் பதினொரு மணி, அலுவலகத்தில் இரண்டாவது டீ வந்திருக்கும். இங்கே மதியம் இரண்டரை ஆனால் அங்கே ஆறு, போனை எடுக்க ஆள் இருக்காது. அதனால் இந்திய வேலையை முதலில் முடித்துவிடுவேன்.